ஏக்கரில் சொன்னதும் வாரத்தில் கேட்டதும்: ஒரு நேந்திரன் வியாபாரியின் இரண்டு ஓணங்கள்

நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும் உள்ள ஊர்களில் வீட்டிலும் வயலிலும் தமிழ்தான் பேச்சு. பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் கேரளம், உறவும் சந்தையும் பாதிக்கு மேல் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் பக்கம். சிலருக்கு வீடு எல்லைக்கு இந்தப் பக்கமும் தோட்டம் அந்தப் பக்கமுமாக இருக்கும். இந்த ஆய்வில் வருபவர் அப்படிப்பட்ட ஒரு விவசாயி. நாற்பதை ஒட்டிய வயது, சொந்தத்தில் 11 ஏக்கர், கிணறும் போர்வெல்லும் உண்டு. அப்பா காலத்தில் நிலக்கடலையும் தக்காளியும் போட்ட நிலத்தில் இவர் நேந்திரன் வாழைக்கு மாறினார்.

முதலில் தன் தாரை மட்டும் வேலந்தாவளம் மண்டிக்குக் கொண்டுபோனார். பிறகு பக்கத்துத் தோட்டக்காரர்களின் தாரையும் சேர்த்து ஏற்றினார். கமிஷன் போக மிச்சம் நின்றது. ஒரு ஷெட் போட்டு, கழுவும் தொட்டி, எலக்ட்ரானிக் தராசு, பிளாஸ்டிக் கிரேட்டுகள் வாங்கி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து, ஒரு வியாபாரப் பெயரும் வைத்துக்கொண்டார். கேரளத்தில் வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டம் கிடையாது. அதனால் தோட்டத்திலேயே வாங்கி நேராக விற்பதற்குச் சந்தைக் கட்டணம் ஏதும் குறுக்கே வராது. இந்த வசதியைப் பார்த்துத்தான் மண்டியைத் தாண்டி நேரடி ஒப்பந்தம் பிடிக்கலாம் என்று யோசித்தார்.

நான் பொள்ளாச்சியில் இருந்துகொண்டு விவசாயக் குழுக்களுக்குக் கணக்கும் ஒப்பந்தமும் பார்த்துக் கொடுப்பவன். முதல் ஒப்பந்தம் முடிந்து, பணம் எங்கே போனது என்று புரியாத நிலையில் அவர் என்னிடம் வந்தார். முதல் ஆண்டைப் பற்றிக் கீழே உள்ளவை அவருடைய பில் புத்தகம், வாங்கியவர் அனுப்பிய டெபிட் நோட்டுகள், அவருக்குத் தார் கொடுக்கும் குழு உறுப்பினர்களோடு பேசியது ஆகியவற்றிலிருந்து எடுத்தவை. இரண்டாம் ஆண்டில் நானே உடன் இருந்தேன்.

முதல் அறிமுகம்

2022 தொடக்கத்தில் கொச்சியில் உள்ள ஒரு பல்பொருள் அங்காடிச் சங்கிலியின் கொள்முதல் மேலாளரைச் சந்திக்க நேரம் கிடைத்தது. அதற்காக நான்கு பக்கத்தில் ஒரு அறிமுகத்தாள் அச்சடித்தார். வழவழப்பான தாள், முதல் பக்கத்தில் தோட்டத்துப் படம். உள்ளே: "140 ஏக்கர் சாகுபடி, 60 விவசாயிகள், தினமும் 5 டன் வழங்கும் திறன், எல்லாத் தரங்களும் கிடைக்கும்."

இதில் பொய் என்று தனியாக ஒன்றைச் சுட்ட முடியாது. 60 பேரின் நிலத்தையும் கூட்டினால் 140 ஏக்கர் வரும். ஆனால் அதில் தென்னையும் தக்காளியும் தரிசும் அடக்கம். நேந்திரன் நின்றது 62 ஏக்கரில். தினமும் 5 டன் என்பது முந்தைய ஓணத்துக்கு முன்னால் ஒரு வாரம் அவர் மண்டிக்கு ஏற்றிய சரக்கு. அந்த ஒரு வாரத்தை ஆண்டு முழுவதற்கும் நீட்டிவிட்டார்.

விவசாயியாக இருந்து வியாபாரியாகிறவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஊரில் ஒருவரின் கனத்தை ஏக்கரில்தான் அளப்பார்கள், அதனால் வெளியாளிடமும் ஏக்கரையே சொல்கிறார்கள். வாங்குகிறவருக்கு ஏக்கரால் ஒரு பயனும் இல்லை. எந்த வாரத்தில், எந்தத் தரத்தில், எத்தனை கிலோ தன் கிடங்குக்கு வந்து இறங்கும் என்பதுதான் அவருக்கு வேண்டும். அந்தச் சந்திப்பில் மேலாளர் அதைக் கேட்கவில்லை. 5 டன் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தானே கேட்கிறோம் என்ற நினைப்பில் ஒப்பந்தம் போட்டுவிட்டார்.

ஒப்பந்தத்தில் இருந்தது

ஜூன் முதல் தேதியிலிருந்து திருவோணம் வரை, அந்த ஆண்டு செப்டம்பர் 8 வரை, 14 வாரம். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை டன், ஆக வாரம் 9 டன். சீப்பாக வெட்டிக் கழுவிய பச்சைக்காய். ஒரு காய் 180 கிராமுக்குக் குறையக்கூடாது, தோலில் கீறலோ பால்கறையோ இருக்கக்கூடாது. கிலோவுக்கு 38 ரூபாய், கொச்சிக் கிடங்கில் இறக்கிக் கொடுத்த விலை, 14 வாரமும் மாறாது. குறைந்த சரக்கின் மதிப்பில் 5 சதவீதம் பிடித்தம். தரக்குறைவைக் கிடங்கில் அவர்கள் முடிவுசெய்வார்கள். பழுக்க வைத்த பிறகு தெரியும் குறைக்கும் கழித்துக்கொள்ளலாம். பணம் 30 நாளில்.

அவர் தன் பக்கத்தில் போட்ட கணக்கு சுருக்கமானது. தோட்டக்காரருக்கு 30, வெட்டுக்கூலி, கழுவுதல், கிரேட் எல்லாம் சேர்த்து இரண்டரை, கொச்சிக்கு வண்டி மூன்றரை. மொத்தம் 36. கிலோவுக்கு இரண்டு ரூபாய் நிற்கும்.

ஜூன் முதல் ஓணம் வரை

ஜூனில் சரக்கு இல்லை. சித்தூர் பக்கம் பாசன வசதி உள்ளவர்கள் பெரும்பாலும் ஓணத்தைக் குறிவைத்து ஐப்பசி வாக்கில் கன்று வைப்பார்கள். நேந்திரன் பத்து மாதப் பயிர், அதனால் பெரும்பகுதித் தார் ஆவணியில்தான் முற்றும். ஜூன் மாதம் முழுக்க அவரால் சொந்தக் கூட்டத்திலிருந்து வாரம் மூன்று, மூன்றரை டன்தான் முதல் தரத்தில் தேற்ற முடிந்தது. மீதிக்கு மண்டியில் வாங்கினார். மண்டிச் சரக்கு பல ஊர்த் தார்களின் கலவை, ஒன்று முற்றியது, ஒன்று இளசு. வாங்கியும் 9 டன் சேரவில்லை. அரை வண்டி ஏற்றினாலும் கொச்சிக்கு டீசலும் டிரைவர் படியும் அதேதான். மூன்றரை என்று எழுதிய வண்டிச் செலவு பல நாள் கிலோவுக்கு ஆறு ரூபாயைத் தொட்டது.

ஜூலையில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிப்பது ஊரில் யாருக்கும் புதிதில்லை. தார் போட்ட மரத்துக்கு மேல்பாரம் அதிகம், முட்டுக்கம்பு இல்லாவிட்டால் நிற்காது. கம்பு விலையைப் பார்த்துத் தள்ளிப்போட்டவர்களின் தோட்டத்தில் மரம் சாய்ந்தது. சாய்ந்த மரத்தின் இளந்தார் எதற்கும் ஆகாது.

ஆகஸ்டில் நிலைமை தலைகீழ். தோட்டம் நிறையத் தார், ஆனால் அவர் கைக்கு வரவில்லை. மண்டி விலை ஏறத் தொடங்கியிருந்தது. உறுப்பினர்களில் ஒருவர், அவருக்கு மாமன் முறை, நேராகவே சொன்னார்: "மாப்ள, வேலந்தாவளத்துல நாப்பத்தஞ்சு போகுது. நீ முப்பதுக்குக் கேக்கறே. உன் மொகத்துக்காக ரெண்டு ரூவா விடலாம், பதினஞ்சு ரூவா எப்படி விடறது?" பதில் சொல்ல இவரிடம் ஒன்றும் இல்லை. எழுத்தில் எந்த உடன்பாடும் கிடையாது, இருந்திருந்தாலும் மாமன் தோட்டத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பவா முடியும்!

இதற்கிடையில் பழுக்க வைக்கும் அறையிலிருந்து புகார்கள். ஒரே கிரேட்டில் சில காய் மஞ்சளாகி, சில காய் நான்காம் நாளும் பச்சையாகவே நின்றன. எத்திலீன் கொடுத்துப் பழுக்க வைக்கும் அறையில் ஒரே முதிர்ச்சியுள்ள காய் ஒரே வேகத்தில் பழுக்கும். முதிர்ச்சி கலந்திருந்தால் முந்தியது குழையும்போது பிந்தியது பழுக்கவே தொடங்கியிருக்காது. எந்தத் தோட்டத்துக் காய் என்று கேட்டால் ஷெட்டில் யாருக்கும் தெரியவில்லை, எல்லாம் ஒரே தொட்டியில் கழுவி ஒரே அடுக்கில் வைத்தது.

14 வாரத்தில் கொடுக்க வேண்டியது 126 டன். அனுப்பியது 74, அதில் கழித்தது 9, ஏற்றுக்கொண்டது 65. பாதியைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். பிடித்தம் ஏறக்குறைய 1 லட்சத்து 16 ஆயிரம்.

பணம் போன இடம்

அவர் என்னிடம் வந்தபோது அந்த 1 லட்சத்து 16 ஆயிரத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார். பில் புத்தகத்தைப் புரட்டியபோது அதைவிடப் பெரிய ஓட்டை வேறோர் இடத்தில் இருந்தது.

இந்தப் பக்கம் தோட்டத்திலும் மண்டியிலும் நேந்திரனைத் தாரோடுதான் எடை போடுவார்கள். அவரும் அப்படியே வாங்கினார். கொச்சிக்குக் கொடுத்தது சீப்பு. நடுவில் தண்டு போகிறது. அவர் ஷெட்டிலேயே பத்துத் தாரை எடுத்து, முதலில் முழுசாக எடை போட்டு, சீப்பு வெட்டி, மறுபடி எடை போட்டுப் பார்த்தோம். நூறு கிலோவுக்குத் தண்டு மட்டும் பன்னிரண்டு கிலோ அளவில் வந்தது. சீப்பு 88 கிலோ.

அப்படியென்றால் தாரோடு 30 ரூபாய்க்கு வாங்கிய காய், சீப்புக் கணக்கில் 34 ரூபாய். அதன்மேல் வெட்டுக்கூலியும் வண்டியும் ஆறு. 40 ரூபாய்க்கு அடக்கமாகிற சரக்கை 38க்கு விற்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வண்டி நிறைந்து போயிருந்தாலும், ஒரு கிலோகூடக் கழியாமல் இருந்திருந்தாலும், கிலோவுக்கு இரண்டு ரூபாய் நட்டம்தான். 65 டன் சீப்புக்கு ஏறக்குறைய 74 டன் தார் வாங்கியிருக்க வேண்டும். நடுவில் உள்ள ஒன்பது டன் தண்டு. எல்லாத் தாரையும் 30 ரூபாய்க்கே வாங்கினார் என்று வைத்தாலும் தண்டுக்குக் கொடுத்த பணம் 2 லட்சத்து 66 ஆயிரம். பிடித்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். குறைவாக அனுப்பியதால்தான் நட்டமும் குறைவாக முடிந்தது என்று சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இது ஏன் கண்ணில் படவில்லை என்றால், இரண்டாம் தரக் காயும் அதே கணக்கில் கலந்து கிடந்தது. கொச்சிக்கு ஆகாத சிறுகாயையும் கறைபட்ட காயையும் மண்டியில் தள்ளி வந்த பணம் ஒரே பையில் விழுந்தது. மொத்த வரவைப் பார்த்தால் வியாபாரம் நடக்கிற மாதிரிதான் தெரியும்.

62 ஏக்கரை வாரமாக மாற்றியது

அடுத்த வேலை, கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. ஏக்கருக்கு ஆயிரம் மரம், 62 ஏக்கருக்கு 62,000. சாய்வது, முடிக்கொத்து நோய், தண்டுக் கூன்வண்டு எல்லாம் போக நூற்றுக்கு 85 தார் வெட்டுக்கு வரும் என்று வைத்தோம். தார் சராசரி 11 கிலோ. 580 டன். தண்டு போனால் 510. அதில் 180 கிராமுக்கு மேல், கறை கீறல் இல்லாமல் தேறுவது நூற்றுக்கு 55 என்று அவருடைய பழைய பில்கள் காட்டின. ஆக முதல் தரம் ஆண்டுக்கு 280 டன்.

இந்த 280 சமமாக வருவதில்லை. பத்தில் ஆறு பங்கு ஓணத்துக்கு முந்தைய பன்னிரண்டு வாரத்தில் குவிகிறது, அதுவும் கடைசியை நோக்கி ஏறிக்கொண்டே. பன்னிரண்டு வாரத்தின் சராசரி வாரம் 14 டன். மீதி நாற்பது வாரத்துக்கு வாரம் மூன்று டன்கூட இல்லை. "தினமும் 5 டன்" என்று எழுதியவரிடம் ஆண்டின் பெரும்பகுதி நாளில் அரை டன்தான் இருந்தது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, மரத்தை எண்ணுவது. நேந்திரன் தார் போட்டதிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு நாளில் முற்றுகிறது. வெயில் நாளில் சற்று முந்தும், மழை நாளில் பிந்தும். ஆகவே தார் போடும் வாரத்தில் மரத்தில் ஒரு கலர் ரிப்பன் கட்டினால், வெட்டும் வாரம் மூன்று மாதத்துக்கு முன்பே தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒரு கலர். களை எடுக்கும் பெண்கள் இருவர் தோட்டம் தோட்டமாகப் போய்க் கட்டினார்கள். எத்தனை ரிப்பன் தீர்ந்தது என்பதே அந்த வாரத்துத் தார்க்கணக்கு. இதற்குத் தனி மென்பொருள் ஒன்று வாங்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். எண்ணுவதில் பிழை வந்தால் மென்பொருள் அதைத் திருத்தாது.

இரண்டாவது, நடவைப் பிரிப்பது. திருவோணம் ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2022இல் செப்டம்பர் 8, 2023இல் ஆகஸ்ட் 29. பத்து நாள் முன்னால் வருகிறது. திருவோணம் முடிந்த மறுநாள் மண்டி விலை இறங்கிவிடும், ஒரு வாரம் பிந்தி முற்றிய தாருக்குப் போன வாரத்து விலை கிடைக்காது. அதோடு, சிப்ஸ் போடும் ஆலைகளுக்குக் காய் ஓணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே வேண்டும். கடைகளுக்கு ஓணத்தின் முதல் நாளான அத்தம் தொடங்கிப் பத்து நாளும் வேண்டும். ஆக ஒரே சீசனுக்குள் இரண்டு உச்சம் இருக்கிறது. அந்த அக்டோபரில் ஒரே வாரத்தில் கன்று வைக்காமல் செப்டம்பர் கடைசியிலிருந்து மூன்று தவணையாக வைக்கச் சொன்னார். எல்லாரும் கேட்கவில்லை. தண்ணீர் முறையும் ஆள் கிடைப்பதும் அவரவர் வசதி. பாதிப் பேர் கேட்டார்கள்.

மூன்றாவது முடிவைத்தான் அதிகம் விவாதித்தோம். உறுப்பினர்களின் தாரில் பத்துக்கு ஆறுதான் அவருக்கு, நான்கை அவர்கள் இஷ்டப்படி மண்டியில் விற்கலாம் என்று எழுதிக்கொண்டார். முழுவதையும் கட்டிப்போட வேண்டும் என்பது அவருடைய முதல் எண்ணம். விலை ஏறும் வாரத்தில் அந்தக் கட்டு அறுந்துபோகும் என்று மாமன் கதையே காட்டியிருந்தது. நான்கு பங்கு கையில் இருந்தால், மண்டி ஏறும்போது அந்த லாபத்தில் கொஞ்சம் தாங்களும் பார்க்கிறோம் என்ற நிறைவில் மீதி ஆறை விடுவார்கள் என்பது எங்கள் கணிப்பு. கூடவே, வெட்டிய மூன்றாம் நாள் பணம். அதற்குச் சுழற்சிப் பணம் வேண்டும். வீட்டு நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்தார், வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத வேண்டியதில்லை.

நான்காவது, இரண்டாம் தரக் காய்க்குத் தனி வாடிக்கை. திருச்சூர்ப் பக்கத்துச் சிப்ஸ் ஆலை ஒன்றைப் பிடித்தார். அவர்களுக்குத் தோல் கறை பற்றிக் கவலை இல்லை, காய் முற்றியிருக்க வேண்டும், வெட்டி ஒரு நாளைத் தாண்டக்கூடாது. ஆலைக்காரர் ஷெட்டுக்கு வந்து செய்ததெல்லாம் கிரேட்டின் அடியிலிருந்து ஒரு காயை எடுத்து இரண்டாக ஒடித்ததுதான். உள்சதை வெளுத்திருந்தால் இளசு, இளமஞ்சளாக இருந்தால் முற்றியது. வெட்டி இரண்டு மூன்று நாள் கிடந்த காயில் மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கிவிடும், எண்ணெயில் போட்டால் சிவந்து கருகும். இதனால் ஆலைக்கு வாரம் இரண்டு நாள், வெட்டிய அன்றே ஏற்றுவது என்று ஏற்பாடு.

இரண்டாம் அறிமுகம்

2023 மே மாதம் அதே சங்கிலியிடம் மறுபடி போனார். வேறு யாரிடமாவது போகலாமே என்றேன். "அங்கதானுங்க பேரு கெட்டது, அங்கயே போறேன்" என்றார்.

இந்த முறை ஒரே ஒரு தாள். ஜூன் முதல் திருவோணம் வரை வாரம் வாரமாக ஒரு அட்டவணை: முதல் தரம், இரண்டாம் தரம், மண்டிக்குப் போவது. ஆகஸ்ட் முதல் வாரம் வரையுள்ள வரிகளுக்கு மேல் "எண்ணியது" என்று இருந்தது, அதாவது தார் ஏற்கெனவே மரத்தில் இருக்கிறது. அதற்குப் பிந்திய வரிகளுக்கு "எதிர்பார்ப்பது." ஏக்கர் எங்கும் இல்லை. தாளின் கீழே சொல்லும் அளவுக்கு எப்படி வந்தார் என்ற கணக்கு: சீசனில் முதல் தரம் 168 டன், காற்றுக்கும் நோய்க்கும் கூடுதலாக நூற்றுக்கு 12 கழித்தால் 148, அதில் உறுப்பினர் ஒப்புக்கொண்ட ஆறு பங்கு 89, அதற்கும் கீழே 76 டன் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தண்டு எடையைப் பார்த்த பத்துத் தாரின் பட்டியலும் பின்பக்கத்தில்.

மேலாளர் முதலில் கேட்டது, போன வருஷம் 126 சொல்லிவிட்டு இந்த வருஷம் ஏன் 76 என்றுதான். இவர் தாளின் கீழ்ப்பகுதியைக் காட்டினார். பிறகு பேச்சு விலைக்குப் போய்விட்டது.

விலைக்கு நிலையான தொகை வேண்டாம் என்று ஒரு சூத்திரம் வைத்தோம். வேலந்தாவளம் மண்டியில் முந்தைய வாரத்துச் சராசரித் தார்விலையை 0.88ஆல் வகுத்து, கிலோவுக்கு 8 ரூபாய் கூட்டுவது. வெட்டுக்கூலியும் வண்டியும் ஆறு, அவருக்கு இரண்டு. கீழே 42 ரூபாய், மேலே 62 ரூபாய் என்று வரம்பு. கீழ்வரம்புக்கு ஆதாரமாக, கேரள அரசு 2020 நவம்பர் முதல் காய்கறிகளுக்கு நடைமுறைப்படுத்திய அடிப்படை விலையில் நேந்திரனுக்கு இருந்த 30 ரூபாயை எடுத்துக்கொண்டோம். 30ஐத் தண்டு கழித்துப் பார்த்தால் 34, கூட்டுகிற 8 ரூபாயோடு 42. மேல்வரம்பு அவர்கள் கேட்டது. கடையில் அதற்கு மேல் விலை போட்டால் வாங்க ஆளில்லை என்றார்கள், அதில் நியாயம் இருந்தது.

ஜூனில் வாரம் 3 டன், ஜூலையில் 5, பிறகு 8, கடைசி இரண்டு வாரம் 10. புதன்கிழமைக்குள் சொன்னால் அடுத்த வார அளவை நூற்றுக்கு இருபது வரை கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். பணம் 15 நாளில். ஒவ்வொரு கிரேட்டிலும் தோட்டத்து எண்ணும் வெட்டிய தேதியும் எழுதிய அட்டை இருக்கும், பழுக்க வைத்த பிறகு புகார் வந்தால் அந்த அட்டையைக் காட்ட வேண்டும்.

நடந்தது

76 டன்னில் 69 ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஜூன் மாதம் எந்தச் சத்தமும் இல்லாமல் போனது. வாரம் 3 டன் என்பதால் தினமும் அனுப்பாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை வண்டி நிறைய ஏற்றினார்.

ஜூலை நடுவில் ஒரு இரவுக் காற்றில் இரண்டு தோட்டத்தில் சேர்த்து 900 மரம் சாய்ந்தது. இரண்டுமே முட்டுக் கொடுக்காதவை. காலையில் சாய்ந்த மரத்து ரிப்பனை அவிழ்த்துக் கலர் வாரியாக எண்ணினார்கள், எந்த வாரங்களில் எவ்வளவு குறையும் என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. அந்த வாரம் 5 டன்னுக்கு 2 டன்தான் கொடுக்க முடிந்தது, பிடித்தமும் வந்தது. அடுத்த வாரத்துக்கான குறைவைப் புதன்கிழமையே சொல்லிவிட்டதால் அதற்குப் பிடித்தம் இல்லை. ஒரு தோட்டக்காரர் மாநிலப் பயிர்க் காப்பீட்டில் மரக்கணக்கில் பதிந்திருந்தார், மற்றவர் பதியவில்லை.

பழுக்கும் அறையிலிருந்து ஒரே ஒரு பெரிய புகார். அட்டையைப் பார்த்து எந்தத் தோட்டம் என்று அன்றே பிடித்தார்கள். போய்ப் பார்த்தால், நீல ரிப்பன் தீர்ந்துபோன வாரத்தில் கையில் இருந்த பச்சையைக் கட்டியிருக்கிறார்கள். பச்சை அதற்கு இரண்டு வாரம் முந்தைய கலர். எழுபத்தைந்து நாள்கூட ஆகாத தாரை, முற்றியதென்று நினைத்து வெட்டியிருக்கிறார்கள். வெட்டுகிறவர் காயின் விளிம்பைத் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இளங்காயின் பட்டை கூர்மையாக இருக்கும், முற்ற முற்ற உருண்டுவிடும். ரிப்பன் இருக்கிறதே என்று கைப்பழக்கத்தை விட்டுவிட்டார்.

அத்தத்துக்குப் பிறகு மண்டி 48ஐத் தாண்டியது, மேல்வரம்பு இடித்தது. உறுப்பினர்கள் தங்கள் நான்கு பங்கை மண்டியில் நல்ல விலைக்கு விற்றார்கள். ஆறு பங்கில் முணுமுணுப்பு இருந்தது, ஒருவர் விலகினார், மற்றவர்கள் கொடுத்தார்கள். மாமன் கொடுத்தவர்களில் ஒருவர்.

பெரிய பணம் என்று சொல்ல முடியாது. சங்கிலியில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் வீதம் 1 லட்சத்து 38 ஆயிரம், அதில் பிடித்தமும் நகைக்கடன் வட்டியும் போக ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கீழே. சிப்ஸ் ஆலைச் சரக்கில் வந்தது அதைவிடக் கொஞ்சம் கூட. இரண்டாம் தரக் காய் என்று ஒதுக்கியதுதான் அந்த ஆண்டு ஷெட்டின் செலவைத் தாங்கியது.

மாற்ற வேண்டியவை

0.88 என்ற எண் அவருடைய பத்துத் தாரில் வந்தது, அதுவும் மழை தொடங்கும் முன். தார் சிறுத்த தோட்டத்தில் தண்டின் பங்கு கூடும். சீசனில் மாதம் ஒருமுறையாவது அதே சோதனையைச் செய்து சூத்திரத்தில் எண்ணை மாற்ற ஒப்பந்தத்தில் இடம் வேண்டும். இப்போது இல்லை.

கடைசி இரண்டு வாரத்துக்கு 10 டன் ஒப்புக்கொண்டது அதிகம். சரக்கு இருந்தது, ஆனால் ஆள் இல்லை. ஓணத்துக்கு முந்தைய வாரம் வெட்டுகிறவர்களுக்கு எல்லாத் தோட்டத்திலிருந்தும் அழைப்பு வரும், கூலியும் ஏறும். கொடுக்கக்கூடிய அளவைத் தாரை வைத்து மட்டும் போட்டோம். ஒரு நாளில் எத்தனை தார் வெட்டி, கழுவி, அடுக்க முடியும் என்பதையும் அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

ரிப்பனை முன்கூட்டியே மொத்தமாக வாங்கி வைத்துவிட்டார். முட்டுக் கொடுக்காத தோட்டத்தின் தாரை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை என்று ஒரு விதியும் வந்திருக்கிறது. உறுப்பினர்களுக்கு இது பிடிக்கவில்லை, கம்பு வாங்க முன்பணம் கேட்கிறார்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் இன்னும் முடியாமல் நிற்பது பழுக்க வைத்த பிறகு வரும் புகாருக்கான காலக்கெடு. சங்கிலி ஐந்து நாள் கேட்கிறது, இவர் இறக்கிய 48 மணி நேரத்துக்கு மேல் முடியாது என்கிறார். அட்டை உள்ள கிரேட்டுக்கு 72 மணி நேரம், அட்டை இல்லாததற்கு ஐந்து நாள் என்று ஒரு வாசகத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.